நிழற்படத்தைக் கூர்மையாக்கல்: கைத்திரைக்கும் சுவர்ப்படத்துக்கும்

கல்லூரி முன்வாயிற் படிகளில் ஆசிரியரும் பழைய மாணவரும் வரிசையாய் நின்று எடுத்துக்கொண்ட குழுப்படம் ஒன்று நம் கைக்கு வந்தது. அதனை முதலிற் கைத்தொலைபேசிகளுக்கு அனுப்பினோம். படம் பளிச்சென்றிருந்தது என எல்லாரும் மெச்சினர். அக்கோப்பையே பின்னர் 30 அங்குல அகலத்தில் அச்சிட்டு மண்டபச் சுவரில் மாட்டினோம். தலைமயிரைச் சுற்றி வெள்ளைக் கோடு. வேட்டிக் கரையிற் படிக்கட்டுப் போன்ற பிசிறு. முதியோர் கன்னங்களிற் கரடுமுரடான தழும்பு. முன் வரிசையில் இருந்தோருள் ஒருவர் அதற்குள் மறைந்துவிட்டார்; மீண்டும் எடுக்க முடியாத படம் அது. நல்வேளையாக மூலக்கோப்பு அழியாதிருந்தது. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதையும், எவ்வாறு திருத்தினோம் என்பதையும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

கூர்மையாக்கல் என்பது படத்தில் இல்லாத நுணுக்கத்தை உண்டாக்குவதன்று. கரிய தலைமயிரும் வெண்சுவரும் சந்திக்கும் விளிம்பை எடுத்துக்கொள்வோம். அவ்விளிம்பின் கரிய பக்கத்தைச் சற்றே மேலும் கருமையாக்கி, வெளிய பக்கத்தைச் சற்றே மேலும் வெண்மையாக்கினால், கண் அதனைக் கூர்மை எனக் கொள்கின்றது. விளிம்பினருகே ஒளிவேறுபாட்டைக் கண் தானே மிகைப்படுத்திக் காணும் என்பதை ஏர்ணஸ்ற் மாக் என்னும் அறிஞர் 1865 இல் விளக்கினார். அவ்வியல்பை நாம் பயன்படுத்திக்கொள்கின்றோம், அவ்வளவே. இருட்டறைக் காலத்திலும் இம்முறை இருந்தது. நெகற்றிவிலிருந்து மங்கலான பொசிற்றிவ் ஒன்றைச் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து அச்சிடுவர். கணினியில் இன்றும் இக்கருவிக்கு Unsharp Mask என்ற பெயரே நிலைத்திருப்பது இதனாலேயாம். கூர்மையாக்கும் கருவிக்கு இப்படியொரு பெயரா என்று வியப்போர்க்கு விடை அந்த மங்கலான பொசிற்றிவே.

அக்கருவியில் மூன்று எண்கள் உள்ளன. Amount என்பது விளிம்பில் எவ்வளவு வேறுபாட்டைக் கூட்டுவது என்பது. Radius என்னும் ஆரை, அவ்வேறுபாடு விளிம்பிலிருந்து எத்துணைத் தூரம் பரவும் என்பது. Threshold என்பது எவ்வளவு சிறிய வேறுபாட்டைத் தீண்டாது விடுவது என்பது. இவற்றுள் கைத்திரைக்கும் சுவர்ப்படத்துக்கும் பெரிதும் மாறவேண்டியது ஆரையே. ஆரை 1 ஆயின், விளிம்பின் ஒவ்வொரு புறத்தும் ஏறத்தாழ இரண்டு பிக்சல் அகலத்துக்கு ஒளிக்கரை தோன்றும் எனக் கொள்ளலாம்.

இனி அந்தக் கரை கண்ணுக்கு எப்பொழுது தெரியும் என்பதே கேள்வி. நற்பார்வையுடையார் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் 60 இல் ஒரு பங்கு, அளவான இடைவெளியைப் பிரித்தறிவர். பார்க்கும் தூரத்தை 0.00029 ஆற் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். கைத்தொலைபேசியை 12 அங்குலத்திற் பிடித்தால் 0.0035 அங்குலம். அங்குலத்துக்கு 400 பிக்சல் கொண்ட திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.0025 அங்குலமே. ஆகவே அங்கே ஒரு பிக்சல் அகலமான ஒளிக்கரை கரையாகத் தெரியாது; கூர்மையாக மட்டும் உணரப்படும். ஆரை 0.4 போதும்.

சுவர்ப்படத்தின் கணக்கு வேறு. நமது மூலப்படம் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் உடையது. 30 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும். மூன்று அடி தூரத்தில் நிற்போர்க்குக் கண்ணின் எல்லை ஏறத்தாழ 0.01 அங்குலம், அஃது இரண்டு பிக்சல். இதற்கு மேல் மை தாளில் ஊறிப் பரவுதலாற் படம் சற்று மழுங்கும். பளபளப்பான தாளிலும் பளபளப்பற்ற தாளில் இது மிகுதி. அம்மழுங்கலை ஈடுசெய்யவும் கூர்மை வேண்டும்.

இப்பொழுது நம் பிழை தெளிவாகும். கைத்தொலைபேசிக்கெனச் செய்த கோப்பு 1080 பிக்சல் அகலமானது. அதனை 30 அங்குலத்துக்கு விரித்தபோது அங்குலத்துக்கு 36 பிக்சலே எஞ்சின. ஒவ்வொரு பிக்சலும் 0.7 மில்லிமீற்றர் ஆயிற்று. திரையிற் கண்ணுக்கு எட்டாதிருந்த ஒளிக்கரை, தலைமயிரைச் சுற்றிய வெள்ளைக் கோடாய் வளர்ந்தது. மறுபக்கம் செய்திருந்தாலும் பயனில்லை. அச்சுக்கெனக் கூர்மையாக்கிய பெரும்படத்தை 1080 பிக்சலாய்ச் சுருக்கினால், ஐந்தரைப் பிக்சல் ஒன்றாகி, இரண்டு பிக்சல் கரை ஒரு பிக்சலினும் குறுகி மறையும். படம் மழுங்கித் தோன்றும். ஆதலால் முதலில் இறுதி அளவுக்குச் சுருக்கவோ விரிக்கவோ வேண்டும். அதன் பின்னரே கூர்மையாக்கவேண்டும்.

மூலக்கோப்பிலிருந்து மீண்டும் தொடங்கினோம். கைத்தொலைபேசிக்கு 1080 பிக்சலாய்ச் சுருக்கி, ஆரை 0.4, Amount 70, Threshold 0 எனக் கொண்டோம். சுருக்கும்போதே தோலின் புள்ளிகள் சராசரியாகி மறைந்துவிடுதலின் Threshold அங்கு வேண்டியதில்லை. செய்தி அனுப்பும் செயலிகள் படத்தை மறுபடியும் அமுக்குவனவாதலின், Amount ஐ இதற்கு மேல் உயர்த்தினால் விளிம்புகளைச் சுற்றிக் கொசு மொய்த்தாற் போன்ற மாசு தோன்றும்.

அச்சுக்கு நாம் கணினித் திரையை நம்பவில்லை. சாதாரணக் கணினித் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சலே உண்டு. நூறு வீதத்திற் பார்த்தால் நம் படம் 60 அங்குல அகலமாய், அச்சினும் இருமடங்காய்த் தெரியும். சரியான கூர்மையும் அங்கே மிகையாகவே தோன்றும். அதைக் கண்டு அஞ்சிக் குறைத்தோர் பலர். ஐம்பது வீதத்திற் பார்த்தல் அளவை ஒக்கும். எனினும் மையின் பரவலைக் காட்டாது. எனவே, படத்தின் நடுவிலிருந்து முகங்களும் தூணும் அடங்கிய, A4 தாளிற் கொள்ளத்தக்க ஒரு துண்டை அதே 200 பிக்சல் அடர்த்தியில் வெட்டி, மூன்று விதமாய்க் கூர்மையாக்கி, அதே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம்.

ஒன்று கூர்மையாக்காதது, இரண்டாவது ஆரை 1, Amount 160, மூன்றாவது ஆரை 2, Amount 150. மூன்று அடியில் நின்று பார்த்தபோது மூன்றாவதே சிறந்ததெனத் தோன்றிற்று. கணக்கும் அதற்கு இடங்கொடுப்பதே. ஆனால், குழுப்படத்தை எவரும் மூன்று அடியில் நின்று பார்ப்பதில்லை! தம் முகத்தையும் தம் ஆசான் முகத்தையும் தேடி ஒன்றரை அடிக்கு வந்துவிடுவர். அத்தூரத்தில் கண்ணின் எல்லை ஒரு பிக்சலாகின்றது. ஆரை 2 இன் நான்கு பிக்சற் கரை வெட்டவெளியாய்த் தெரிந்தது. நரைத்த தலைகளெல்லாம் சுண்ணாம்புக் கோடிட்டவை போலிருந்தன. ஆகவே இரண்டாவதைத் தெரிந்தோம். கடற்கரைக் காட்சியாகவோ கோபுரமாகவோ இருப்பின் மூன்றாவதையே எடுத்திருப்போம்.

கன்னத் தழும்பு ஒன்றே எஞ்சிற்று. நிழலில் நின்ற பின்வரிசையாரின் முகங்களிற் படக்கருவியின் இரைச்சற் புள்ளிகள் இருந்தன; கருவி அவற்றையும் விளிம்பெனக் கருதிக் கூர்மையாக்கிற்று. Threshold ஐ 4 ஆக்கியபோது அவை அடங்கின. 10 வரை உயர்த்திப் பார்த்தோம். முகங்கள் மெழுகுப் பொம்மைகளாயின. கண்ணிமை மட்டும் கூர்மையாய் நின்றது. எனவே 4 இலேயே நிறுத்தினோம்.

இப்பொழுது மண்டபத்தில் தொங்குவது அவ்விரண்டாம் படமே. கோப்புகள் மூன்றும் தனித்தனிப் பெயருடன் சங்கத்தின் கணினியில் உள்ளன: கூர்மையாக்காத மூலம், கைத்திரைக்கானது, 30 அங்குல அச்சுக்கானது. படத்தை வேறு அளவில் அச்சிட விரும்பும் அன்பர் மூலத்தையே கேட்டுப் பெறுக.