மூணு தடவை சொன்னா நம்புவாங்களா?

கிளாஸ் கிளாஸா போய் ஒரு விஷயத்தைச் சொல்லி ஆள் சேர்க்கிற வேலை உங்களுக்கும் ஒரு நாள் வரும். பாடம் எடுக்கிற சார் தர்றது இரண்டு நிமிஷம். கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் போனைப் பார்த்துட்டு இருப்பாங்க. எழுத்துல ஒரு வரி புரியலைன்னா மேலே போய் மறுபடி படிக்கலாம். பேச்சுல அந்த வசதி கிடையாது. அதனாலதான் பேசுறவங்க காலங்காலமா மூணு விஷயங்களைக் கையில வச்சிருக்காங்க: திரும்பச் சொல்றது, தாளத்தோட சொல்றது, மூணு மூணா அடுக்கிச் சொல்றது. இது எப்படி வேலை செய்யுது, எங்கே சொதப்புதுன்னு ஒரு ரத்ததான முகாம் அறிவிப்பை வச்சே பார்ப்போம்.

முதல்ல மூணு

"கடமை, கண்ணியம், கட்டுப்பாடு." அண்ணா தன் கட்சிக்காரங்களுக்குச் சொன்னது. அரசியலை ஓரமா வச்சுட்டு, இந்த மூணு சொல்லை ஒரு மெஷினைப் பிரிக்கிற மாதிரி பிரிச்சுப் பாருங்க. மூணும் 'க'வில் ஆரம்பிக்குது. தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்த மோனைதான் அது. அடுத்து எழுத்தை எண்ணுங்க. கடமைக்கு 3, கண்ணியத்துக்கு 5, கட்டுப்பாட்டுக்கு 6. சொல் நீண்டுக்கிட்டே போகுது, நெடில் ஓசை கடைசிச் சொல்லில் மட்டும்தான் வருது. இப்போ வரிசையை மாத்தி, "கட்டுப்பாடு, கண்ணியம், கடமை"ன்னு சத்தமா சொல்லிப் பாருங்க. அர்த்தம் அதேதான், ஆனா மாடிப்படியில இருந்து இறங்குற மாதிரி இருக்கும். சின்னதுல ஆரம்பிச்சு பெரியதுல முடிக்கணும் என்பது இதிலிருந்து கிடைக்கிற முதல் விதி.

ஏன் மூணு? இரண்டு சொன்னா ஒப்பிடுற மாதிரி இருக்கும். மூணாவது வந்ததும் ஒரு வரிசை உருவாகி, முடிஞ்சும் போயிடும். நாலாவது வந்தா காது அதைப் பிடிச்சு வைக்கிறதில்லை. 1940 மே 13 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில், தன்னால் தர முடிஞ்சது ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை மட்டுமேன்னு நாலு விஷயம் சொன்னார். மக்கள் மனசுல நின்னது ரத்தம், வியர்வை, கண்ணீர் என்ற மூணு. அடுத்த வருஷம் அமெரிக்காவில் வந்த அவரோட பேச்சுத் தொகுப்புக்கே இந்த மூணு சொல்தான் தலைப்பு. உழைப்பு காணாமப் போச்சு.

திரும்பச் சொல்றது: தமிழ்ல எங்கே?

இங்கிலீஷ் பேச்சு வீடியோ பார்த்துக் கத்துக்கிட்ட நாம எல்லாரும் தடுமாறுற இடம் இது. 1963 ஆகஸ்ட் 28-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசினப்போ, தனக்கு ஒரு கனவு இருக்குன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மொழியில அந்தத் தொடர் வாக்கியத்தோட முன்னாடியே வந்துடும், கனவு என்னன்னு பின்னாடி வரும். ஒவ்வொரு தடவையும் அதுக்குப் பின்னாடி படம் மாறுது: ஜார்ஜியாவின் மலைகள், மிசிசிப்பி, அவரோட நாலு குழந்தைகள். சொல் நிக்குது, காட்சி நகருது.

தமிழ் வாக்கியத்துல வினை கடைசியில வரும். அதனால நமக்குத் திரும்பச் சொல்ல இயல்பான இடம் வாக்கியத்தோட முடிவு. முன்னாடி வச்சே ஆகணும்னு "எனக்கு ஒரு ஆசை இருக்கு, அது என்னன்னா"ன்னு நாலு தடவை இழுத்தா, மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். அதுக்குப் பதிலா வேற வேற விஷயத்தைக் கொண்டுவந்து ஒரே சொல்லில் முடிங்க. வெறும் விகுதி மட்டும் ஒத்துப்போனா போதாது. 'செய்யணும், பார்க்கணும், போகணும்'னு தமிழ்ல எல்லாமே தானா ஒத்துப்போகும், காது அதைக் கவனிக்கவே கவனிக்காது. முழுச் சொல் திரும்ப வரணும்.

இப்போ அறிவிப்பு

வழக்கமா நாம எழுதிட்டுப் போறது இப்படி இருக்கும்:

"வரும் வியாழக்கிழமை செமினார் ஹாலில் ரத்ததான முகாம் நடைபெற உள்ளது. ரத்ததானம் உன்னதமானது, சிறப்பானது, புனிதமானது. 18 வயது நிரம்பிய, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள அனைவரும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதிலும் மூணு இருக்கு. ஆனா ஒண்ணை எடுத்துட்டுப் பாருங்க, ஏதாவது குறையுதா? இல்லை. அப்போ அது மூணு விஷயம் இல்லை, ஒரே விஷயத்துக்கு மூணு பெயர். மூணு என்பது நாம ஜோடிக்கிறதா இல்லாம விஷயத்துக்குள்ளேயே இருக்கணும். இங்கே அது நிஜமாவே இருக்கு. ஒருத்தர் கொடுக்கிற ரத்தத்தை சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மான்னு பிரிக்க முடியும். மாத்தி எழுதினா:

"நீங்க கொடுக்கப்போறது 350 மில்லி. அது ஒரு பை. அந்த ஒரு பையை மூணா பிரிக்கலாம். சிவப்பணு, விபத்துல அடிபட்டவருக்குப் போகலாம். தட்டணு, கீமோதெரபியில இருக்கிறவருக்குப் போகலாம். பிளாஸ்மா, கல்லீரல் கெட்டு ரத்தம் உறையாம தவிக்கிறவருக்குப் போகலாம். 18 வயசு ஆச்சா, 45 கிலோ இருக்கீங்களா? வியாழக்கிழமை வாங்க. பத்து மணிக்கு வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க."

ஒரே சொல் கடைசியில நிக்குது, முன்னாடி ஆள் மாறுறாங்க. 'வாங்க' மூணு தடவை வருது, ஆனா ஒவ்வொண்ணும் ஒரு தகவல்: நாள், நேரம், வெறும் வயித்தோட வராதீங்க. கடைசி 'வாங்க' கேட்கிறவங்க எதிர்பார்க்காதது. லேசா சிரிப்பாங்க, ஞாபகமும் வச்சுப்பாங்க.

மைக் பயத்துல பலரும் இந்த இடத்தை வேகமா ஓட்டிடுவாங்க. அப்போ மூணும் ஒண்ணா ஒட்டிக்கும். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு மூச்சு விடுங்க, மூணாவதுக்கு அப்புறம் ஒரு முழு செகண்ட் நிறுத்துங்க. சரியா வந்துச்சான்னு தெரிஞ்சுக்க, போன்ல ரெக்கார்ட் பண்ணி இந்த அறிவிப்பைப் பத்தித் தெரியாத ஒரு ரூம்மேட்டுக்கு ஒரே தடவை போட்டுக் காட்டுங்க. நாள், நேரம், சாப்பாடு மூணையும் அவர் திரும்பச் சொன்னா பாஸ். "ரத்ததானம் பத்தி ஏதோ சொன்னே"ன்னா ஃபெயில்.

தாளம் பொய் சொல்ல வைக்கும்

'ஒரு பை, மூணு உயிர்.' கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! நானும் முதல்ல அதைத்தான் எழுத நினைச்சேன். ஆனா பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவை தட்டணு ஏத்த, வழக்கமா நாலுல இருந்து ஆறு பேர் கொடுத்த ரத்தத்துல இருந்து சேர்க்கணும். ஒரு பை மூணு பேருக்கு உதவலாம். ஆனா மூணு உயிரைக் காப்பாத்தும்னு உறுதி கொடுக்க முடியாது. அதனாலதான் மேலே 'போகும்'னு சொல்லாம 'போகலாம்'னு போட்டிருக்கேன். அதுல தாளம் கொஞ்சம் இறங்குது, பரவாயில்லை.

ஓசை நம்ம தீர்ப்பையும் மாத்தும். 2000-ல் மெக்ளோனும் டோஃபிக்பக்‌ஷும் வெளியிட்ட ஆய்வுல, ஒரே கருத்துள்ள பழமொழியை எதுகையோடும் எதுகை இல்லாமலும் கொடுத்தப்போ, எதுகை இருந்ததையே ஆட்கள் அதிகம் சரியானதா மதிப்பிட்டாங்க. அழகையும் அர்த்தத்தையும் பிரிச்சுப் பாருங்கன்னு சொன்னதும் அந்த வித்தியாசம் குறைஞ்சுபோச்சு.

நீங்க எழுதினதையும் அப்படியே சோதிக்கலாம். தாளத்தை முழுசா உடைச்சு, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சாதாரணமா சொல்ற மாதிரி ஒரே வாக்கியத்துல சொல்லிப் பாருங்க. அப்பவும் அது உண்மையா, வர்றதுக்கு ஒரு காரணமா இருந்தா தாளத்தோட சேர்த்துப் பேசுங்க. இல்லைன்னா அந்த வரியை அடிச்சுடுங்க. நாளைக்கு ரத்த வங்கி டாக்டர் அதே கிளாஸ்ல வந்து பேசினாலும் நீங்க சொன்னது நிக்கணும்.