பிரவுசிங் சென்டரில் ஆப்டிடியூட் தேர்வு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அரூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். பி.எஸ்சி. கணிதம், கடைசி வருடம். ஐ.டி. நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் ஆப்டிடியூட் சுற்று காலை 10 மணிக்கு. போனில் எழுத முடியாது என்று மெயிலில் இருந்தது. வீட்டில் கணினி இல்லை. டவுன் பிரவுசிங் சென்டரில் அவள் எழுதிய விதத்தை வைத்தே சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை

முந்தின நாளே போய் உட்கார்ந்து பாருங்கள். "அண்ணா, நாளைக்கு எனக்கு எந்த சிஸ்டம் தருவீங்களோ, அதுலயே இப்பப் பார்த்துக்கறேன்" என்று கேட்டு, மெயிலில் வந்த சோதனை இணைப்பைத் திறந்தாள். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுத்த பிறகும் கட்டம் கறுப்பாகவே இருந்தது. வெப்கேம் ஒயரை வேறு போர்ட்டில் செருகியதும் முகம் தெரிந்தது. மறுநாள் 9.55-க்கு இது நடந்திருந்தால் கை நடுங்கியிருக்கும்.

கரண்ட் போனால் எதெது ஓடும் என்று கேளுங்கள். அங்கே கணினி யு.பி.எஸ்.ஸில் இருந்தது, மோடம் இல்லை. திரை எரிந்துகொண்டிருக்கும், நெட் மட்டும் அறுந்துவிடும். கடைக்காரர் மோடத்தையும் யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றிக் கொடுத்தார்.

முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் முகம் கேமராவில் விழுந்தாலும், கண்காணிக்கும் மென்பொருள் அதை இரண்டாவது ஆளாகக் குறித்து வைக்கலாம்.

செய்யக்கூடாதவை

தேர்வுத் திரையை விட்டு வெளியே போகாதீர்கள். கால்குலேட்டர் திறக்க Alt+Tab அழுத்தினால்கூட எச்சரிக்கை வரும். இரண்டு மூன்று தடவைக்குமேல் வெளியே போனால் சில தேர்வுகள் தாமாகவே முடிந்துவிடும். கடைக்காரர் அந்த சிஸ்டத்தில் திறந்து வைத்திருந்த வாட்ஸ்அப்பை அவள் முதலிலேயே மூடச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரே கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எண்கணிதப் பகுதியில் 20 கேள்விகள், 25 நிமிடம். ஒன்றுக்கு 75 விநாடி. 150 மீட்டர் நீள ரயில், வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், 300 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம்? 54-ஐ 5/18-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 15 மீட்டர். மொத்தத் தூரம் 450, ஆக 30 விநாடி. எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்து வந்த கூட்டு வட்டிக் கணக்கு இழுத்தது. தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதை விதிமுறையில் படித்திருந்ததால், ஒரு விடையைக் குறித்துவிட்டு நகர்ந்தாள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் தேர்வானால் அப்படிக் குறிக்கக் கூடாது. அந்த வரியைப் படிக்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

நெட் அறுந்தால் பிரவுசரை மூடாதீர்கள். இரண்டாம் பகுதியில் திரை அப்படியே நின்றது. அவள் எதையும் அழுத்தவில்லை. இணைப்பு திரும்பியதும் அதே கேள்வி வந்தது. திரும்பாவிட்டால் அழைக்க உதவி எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தாள். போன் கல்லாவில் இருந்தது.

முடிந்ததும் அப்படியே எழுந்து போகாதீர்கள். மெயிலை லாக்அவுட் செய்யுங்கள். டவுன்லோட்ஸில் ஆதார் நகல் கிடந்தால் Shift+Delete கொடுத்து அழித்துவிடுங்கள். அடுத்து உட்காருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.