தீபாவளிக்கு எட்டு வாரம் முன்னால்

மும்பை தாராவியில் எங்கள் சந்தில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்தவர். அக்கா முறுக்கு சுட்டு விற்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை முறுக்கு அக்கா என்றுதான் அழைப்போம். சாயங்கால வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவார். இப்போது நன்றாக வாசிக்கிறார். போனில் தமிழில் எழுதவும் செய்கிறார்.

இது அவருடைய வீடியோக்களின் கதை.

2024-ல் நடந்தது

2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் கடன் வாங்கி அரிசியும் எண்ணெயும் வாங்கினார்கள். முறுக்கு சுடுவதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள். அதைப் பார்த்து ஆர்டர் வரும் என்று நம்பினார்கள்.

வீடியோ போட்ட நாள் அக்டோபர் 29. பண்டிகைக்கு இரண்டே நாள் இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. தீபாவளி முடிந்தது. இரண்டு டின் முறுக்கு மிஞ்சியது. எண்ணெய் வாடை வந்ததும் கொட்டினார்கள். கடனை அடைக்கத் தை மாதம் வரை ஆனது.

"வீடியோ நல்லாத்தானே இருந்துச்சு தம்பி? ஏன் யாரும் பாக்கல?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

வீடியோவில் குறை இல்லை. போட்ட நாளில்தான் குறை.

மேடும் பள்ளமும்

அடுத்த நாள் வகுப்பில் போனைத் திறந்தோம். கூகுள் டிரெண்ட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதன் முகவரி trends.google.com. காசு கிடையாது. ஒரு சொல்லை மக்கள் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று அது கோடு போட்டுக் காட்டும்.

மும்பையில் முறுக்கைச் சக்லி என்பார்கள். அந்தச் சொல்லை எழுதினோம். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தோம். காலம் என்ற இடத்தில் ஐந்து ஆண்டு. எங்கே தேடியது என்ற இடத்தில் YouTube Search.

கோடு வந்தது. வருடம் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடக்கிறது. தீபாவளிக்குச் சில வாரம் முன்னால் மெல்ல ஏறத் தொடங்குகிறது. கடைசி நாட்களில் மலை போல் நிற்கிறது. பண்டிகை முடிந்ததும் பொத்தென்று விழுகிறது.

"மலை உச்சியில 100னு போட்டிருக்கே. நூறு பேர்தான் தேடுனாங்களா?" என்று அக்கா கேட்டார்.

இல்லை. 100 என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. நாம் கேட்ட காலத்தில் மிக உயரமான இடம் எதுவோ, அதற்கு 100 என்று பெயர். 50 என்றால் அதில் பாதி. கோட்டின் உருவத்தை மட்டும் பார்த்தால் போதும். எந்த வாரத்தில் ஏறத் தொடங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

"அப்படின்னா உச்சியில இருக்கும்போதுதானே நான் போட்டேன்? அப்பத்தானே கூட்டம் இருக்கு?"

நல்ல கேள்வி. பதில் இதுதான். புதிய வீடியோவை யூடியூப் உடனே எல்லோருக்கும் காட்டாது. முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் தொடுகிறார்களா, கடைசி வரை பார்க்கிறார்களா என்று கவனிக்கும். பிறகுதான் இன்னும் கொஞ்சம் பேருக்குக் காட்டும். இதற்கு நாள் ஆகும். ஏற்கெனவே பலர் பார்த்த வீடியோக்கள் தேடும் இடத்தில் முன்னால் நிற்கும். நேற்று வந்த வீடியோ பின்னால் நிற்கும்.

சந்தைக்கு உச்சி வெயிலில் போய் இடம் கேட்டால் கிடைக்குமா? விடியும் முன் போனவர்தான் வாசலில் கடை போடுவார்.

பின்னால் இருந்து எண்ணுவோம்

"சரி, ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 1-ஆம் தேதி போட்டுருவோம்" என்றார் அக்கா.

அங்கேதான் அடுத்த தவறு வரும். தீபாவளி நிலாக் கணக்கில் வருகிறது. ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். 2024-ல் அக்டோபர் 1-க்கும் தீபாவளிக்கும் இடையே 30 நாள். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. அப்போது இடையே 19 நாள்தான். பதினொரு நாள் குறைந்துவிட்டது.

எனவே மாதத்தை மறந்துவிட வேண்டும். பண்டிகை நாளில் விரலை வைத்துப் பின்னோக்கி வாரம் வாரமாக எண்ண வேண்டும். 2025-ல் தீபாவளி திங்கட்கிழமை. காலண்டரில் ஒவ்வொரு திங்களாகப் பின்னால் போனோம். அக்கா எழுதியது இது:

ஆகஸ்ட் 25 (8 வாரம் முன்னால்): என்னென்ன வீடியோ என்று முடிவு செய்வது.
செப்டம்பர் 1 முதல் 14 வரை: வீடியோ எடுப்பது.
செப்டம்பர் 15 (5 வாரம்): வெட்டி ஒட்டுவது, குரல் சேர்ப்பது, தலைப்பு எழுதுவது.
செப்டம்பர் 22 (4 வாரம்): முதல் வீடியோ.
செப்டம்பர் 29 (3 வாரம்): இரண்டாவது வீடியோ.
அக்டோபர் 6 (2 வாரம்): மூன்றாவது வீடியோ.
அக்டோபர் 13 (1 வாரம்): புது வீடியோ கிடையாது. ஆர்டருக்குச் சுடும் வேலை மட்டும்.

நான்கு வாரம் என்பது சட்டம் இல்லை. உங்கள் பலகாரத்தின் கோடு எப்போது ஏறத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு வாரம் முன்னால் முதல் வீடியோ இருந்தால் நல்லது.

மூன்று வீடியோ எவை?

"எல்லாத்தையும் ஒரே வீடியோல காட்டிரலாமே" என்று ஒருவர் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் முறுக்கு வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று யோசிக்கச் சொன்னார்.

முதலில் மாவு. மராட்டியர் வீடுகளில் சக்லிக்கு அரிசி, பருப்பு எல்லாம் வறுத்து அரைப்பார்கள். அதைப் பாஜணி என்பார்கள். நம் வீடுகளில் நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு. மாவை முன்கூட்டியே அரைத்து வைப்பார்கள். எனவே மாவு வீடியோ முதலில்.

அடுத்து பிசைவது, பிழிவது, சுடுவது. இது இரண்டாவது.

கடைசியில் அடுப்பு முன் நிற்பவருக்குச் சந்தேகம் வரும். பிழியும்போது உடைகிறதே? மாவு வறண்டிருக்கிறது, தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். எண்ணெய் குடிக்கிறதே? எண்ணெய் காயவில்லை, அல்லது வெண்ணெய் கூடிவிட்டது. மெத்தென்று இருக்கிறதே? தீ அதிகம், வெளியே சிவந்துவிட்டது, உள்ளே வேகவில்லை. எண்ணெயில் நுரை அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். இது மூன்றாவது.

வெறும் முறுக்கு என்று தலைப்பு வைத்தால் பெரிய சேனல்களோடு மோத வேண்டும். "முறுக்கு எண்ணெய் குடிக்காமல் இருக்க" என்று வைத்தால் அந்தக் கஷ்டம் உள்ளவர் நேராக நம்மிடம் வருவார்.

மழையும் தகரக் கூரையும்

செப்டம்பரில் மும்பையில் மழை ஓயாது. அக்காவின் வீடு தகரக் கூரை. முதல் நாள் எடுத்த வீடியோவில் மழைச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வெளிச்சமும் இல்லை. சுட்ட முறுக்கு ஈரக்காற்றில் நமத்துப் போனது. உடைத்துக் காட்டினால் மொறு மொறு சத்தம் வரவில்லை.

எட்டு வாரம் முன்னால் தொடங்கியதால்தான் இதைத் திருத்த முடிந்தது. மழை விட்ட காலை நேரத்தில் கதவருகே அடுப்பை வைத்து மீண்டும் எடுத்தோம். சுட்டு ஆறியதும், காற்றில் வைக்காமல், உடனே உடைக்கும் காட்சியை எடுத்தோம். பேச்சை மட்டும் இரவில் போர்வைக்குள் உட்கார்ந்து தனியாகப் பதிந்தோம். கைகளின் படம் மேல் அந்தக் குரலைச் சேர்த்தோம்.

மூன்றும் தயாரானதும் ஒரே இரவில் ஏற்றினோம். யூடியூபில் Schedule என்று ஒரு வசதி இருக்கிறது. தேதியும் நேரமும் கொடுத்தால், அதுவரை வீடியோ யாருக்கும் தெரியாது. அந்த நேரம் வந்ததும் தானே வெளியாகும். சுடுகிற அவசரத்தில் போனைத் தேட வேண்டியதில்லை.

என்ன கிடைத்தது?

முதல் வாரம் மாவு வீடியோவைக் கொஞ்சம் பேர்தான் பார்த்தார்கள். அக்கா முகம் வாடியது. "பொறுங்க அக்கா, மேடு இன்னும் வரல" என்றேன். அக்டோபர் இரண்டாம் வாரம் எண் ஏறியது. மூன்றாவது வீடியோதான் முன்னால் ஓடியது.

பார்த்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். அவர்கள் முறுக்கு வாங்க முடியாது. எனவே "தாராவியில் கிடைக்கும்" என்று வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். ஆனாலும் சயானில் இருந்தும் மாதுங்காவில் இருந்தும் புது ஆட்கள் கூப்பிட்டார்கள். ஆர்டர் வந்த பிறகே அரிசி வாங்கினார்கள். இந்த முறை டின்னில் எதுவும் மிஞ்சவில்லை. கடனும் இல்லை.

தீபாவளி முடிந்ததும் பார்ப்பவர் எண்ணிக்கை விழுந்தது. "அழிச்சிரலாமா?" என்று அக்கா கேட்டார். அழிக்கக் கூடாது. அழித்துவிட்டு மறுபடி போட்டால், அது மீண்டும் புது வீடியோ ஆகிவிடும். வரிசையின் கடைசிக்குப் போகும். தலைப்பில் ஆண்டைப் போடாமல் இருந்தால் அடுத்த தீபாவளிக்கும் அதே வீடியோ உதவும். முகப்புப் படத்தை மட்டும் மாற்றலாம்.

அக்கா இப்போது சுவரில் காலண்டர் மாட்டியதும் முதலில் தீபாவளியைத் தேடுகிறார். அதில் ஒரு வட்டம். பின்னோக்கி எட்டு வாரம் எண்ணி, அங்கே இன்னொரு வட்டம்.

பயிற்சி

1. 2024-ல் அக்காவின் முறுக்கு ஏன் மிஞ்சியது?
2. கூகுள் டிரெண்ட்ஸில் 100 என்றால் என்ன பொருள்?
3. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு வாரம் முன்னால் என்ன தேதி? நான்கு வாரம் முன்னால் என்ன தேதி?
4. உங்கள் ஊரில் எந்தப் பண்டிகைக்கு எந்தப் பலகாரம் செய்வார்கள்? அதில் முதலில் செய்யும் வேலை எது? அதற்கு ஒரு தலைப்பு எழுதுங்கள்.

(மூன்றாம் கேள்விக்கு விடை: செப்டம்பர் 13, அக்டோபர் 11.)