பிறைக் குளத்துக்குப் பெயர் எழுதும் இடம்: முழுமையான வழிகாட்டி

சுரண்டையைச் சுற்றியுள்ள நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவைக் குறுக்கே மறித்து, வில்லாக வளைத்துப் போட்ட மண்கரைகள்தான் இங்கத்திய குளங்கள். குளம் நிரம்பி மறுகால் பாயும்போது பெயர் எழுதுவதில் சிக்கல் இல்லை. தண்ணீர் வற்ற வற்ற மேற்கே உள்வாய் காய்ந்துவிடும். கரையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் பிறை வடிவில் நீர் நிற்கும். அந்தப் பிறையை செயற்கைக்கோள் படத்திலிருந்து பலகோணமாக வரைந்து, QGIS-இல் அதன் மையத்தில் பெயர் போடச் சொன்னால், பெயர் காய்ந்த நிலத்தில் போய் உட்காரும்.

முதலில், மையம் ஏன் வெளியே போகிறது

centroid என்பது பரப்பின் சராசரி இடம். பலகோணத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, எல்லாக் கட்டங்களின் x மதிப்புகளையும் y மதிப்புகளையும் தனித்தனியே சராசரி எடுத்தால் கிடைப்பது அது. அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கணக்கு பார்ப்பதே இல்லை. அட்டையில் பிறையை வெட்டி ஊசிமுனையில் நிறுத்த முயன்றால் இது புரிந்துவிடும்: சமநிலைப் புள்ளி இருக்கும் இடத்தில் அட்டையே இருக்காது.

கணக்காகவே பார்ப்போம். கரை 500 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் என்றும், தண்ணீரின் உள்விளிம்பு அதே மையத்திலிருந்து 400 மீட்டரில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வட்ட மையத்திலிருந்து centroid இருக்கும் தூரம்:

```
4/(3π) × (R³ − r³)/(R² − r²)
= 0.4244 × 61000000/90000 ≈ 288 மீ
```

தண்ணீரே 400 மீட்டரில்தான் தொடங்குகிறது. பெயரோ அதற்கு 112 மீட்டர் முன்னால், காய்ந்த உள்வாயில் நிற்கும். இதே குளத்தில் உள்விளிம்பு 200 மீட்டரில் இருந்தபோது centroid 236 மீட்டரில், தண்ணீருக்குள்ளேயே இருந்தது. உள்விளிம்பு ஏறக்குறைய 247 மீட்டரைத் தாண்டும்போதுதான் அது வெளியேறுகிறது. மழைக்காலப் படத்தை வைத்துச் சரிபார்த்த வரைபடம் கோடையில் பிசகுவது இதனால்தான்.

அடுத்து, எந்தெந்தக் குளம் என்று பிடிப்பது

நூறு குளங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். Select by Expression-இல் இதை இட்டால், மையம் வெளியே விழும் பலகோணங்கள் மட்டும் தேர்வாகும்:

```
NOT within(centroid($geometry), $geometry)
```

மாற்றுப் புள்ளி ஒன்று: point_on_surface

இது பலகோணத்துக்குள் இருக்கும் என்ற உறுதி தரும்; வேகமும் அதிகம். ஆனால் அழகான இடம் என்ற உறுதி இல்லை. பலகோணத்தின் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் கிடைக்கோடு ஒன்றை இழுத்து, அது வெட்டும் துண்டுகளில் அகலமானதன் நடுவை எடுத்துக்கொள்கிறது. கரை கிழக்கே இருந்தால் கோடு பிறையின் நடுவயிற்றை வெட்டும். பெயர் சரியான இடத்தில் விழும். கரை வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் கோடு இரண்டு கொம்புகளையும் வெட்டும். பெயர் ஏதோ ஒரு கொம்பில் ஒதுங்கிவிடும். பாதிக் குளங்களுக்கு நன்றாகவும் மீதிக்குக் கோணலாகவும் வருவதன் காரணம் இந்தத் திசைதான்.

மாற்றுப் புள்ளி இரண்டு: pole_of_inaccessibility

பெயர் எழுத நான் எடுப்பது இதைத்தான். பலகோணத்துக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் மையம் இது. அதாவது எல்லாக் கரைகளிலிருந்தும் மிகத் தள்ளி இருக்கும் நீர். பிறையின் வயிறு தடித்திருந்தால் பெயர் அங்கேயே போய் நிற்கும். லேபிள் அமைப்பில் Placement பகுதிக்குள் Geometry Generator-ஐ இயக்கி, வகையை Point என்று வைத்து எழுத வேண்டியது:

```
pole_of_inaccessibility($geometry, 5)
```

அந்த 5 எவ்வளவு துல்லியம் போதும் என்பதைச் சொல்கிறது; அலகு, அடுக்கு எந்த அலகில் இருக்கிறதோ அது. அடுக்கு EPSG:4326-இல் இருந்தால் 5 மீட்டர் 5 டிகிரி ஆகிவிடும், பிறகு கிடைக்கும் புள்ளியை நம்ப முடியாது. ஆகவே முதலில் மீட்டர் அலகுக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் பழக்கத்தில் 44-ஆம் மண்டலத்தைப் போட்டுவிடுவார்கள். சுரண்டை 78 டிகிரிக்கு மேற்கே இருப்பதால் இங்கே 43, அதாவது EPSG:32643.

பிறை முழுவதும் ஒரே அகலமாக இருந்தால் இந்த முறையும் தடுமாறும். மேலே கணக்கிட்ட குளத்தில் 50 மீட்டர் ஆர வட்டம் வளைவு நெடுக எங்கும் அடங்கும். எந்த இடம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெயரே அடங்காதபோது

100 மீட்டர் அகலம் 1:50,000 அளவில் தாளில் 2 மில்லிமீட்டர்தான். எந்தப் புள்ளியைத் தேர்ந்தாலும் எழுத்து கரையைத் தாண்டும். அப்போது கரையை ஒட்டி ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டு அடுக்குக்கு Curved முறையில் பெயர் கொடுப்பது நல்லது. அச்சுக்கு அனுப்புமுன் பெயரிலுள்ள கொம்பும் காலும் தத்தம் எழுத்தோடு சேர்ந்தே வளைகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிறை இரண்டாக உடைந்தால்

கடுங்கோடையில் நடுவில் மண் மேடிட்டு நீர் இரண்டு குட்டையாகப் பிரியும். பலகோணம் பல துண்டு வடிவாக மாறும்; centroid இரண்டுக்கும் இடையில் போய் விழும். பெரிய வட்டம் எந்தக் குட்டையில் அடங்குகிறதோ அதில் ஒரு பெயர் போதும். இரண்டு குட்டைக்கும் ஒரே பெயரை எழுதினால், பார்ப்பவர் இரண்டு குளம் என்றுதான் எண்ணிக்கொள்வார்.