வண்டி வாங்கப்போற தங்கச்சிக்கு அக்கா போட்ட ஐந்து வருஷக் கணக்கு

ஸ்கூட்டர் வாங்கப்போறேன்னு சொன்ன அன்னைக்கே உன்கிட்ட ஒண்ணு கேட்டேன்: மாசம் எவ்வளவு ஆகும்? தவணைத் தொகையை மட்டும் சொன்னாய். வண்டியின் நிஜச் செலவு அதுவல்ல, தங்கச்சி. ஒரு நோட்டை எடு.

திருநகரிலிருந்து கோரிப்பாளையம் வேலைக்குப் போய்வந்து, கடைகண்ணியும் சேர்த்தால் உனக்கு நாளுக்கு 24 கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள் என்றால் ஐந்து வருஷத்தில் 36,000 கிலோமீட்டர். ஷோரூமில் சொல்லும் மைலேஜை எழுதாதே. மதுரை டிராஃபிக்கில் 45 கிடைத்தால் நல்லது. அப்படியானால் 800 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 80,000. டயரில் காற்று குறைந்து, சர்வீஸும் தள்ளிப்போய் மைலேஜ் 38 ஆனால், இதிலேயே சுமார் 15,000 கூடும். அதனால் மாதம் ஒருமுறை டேங்கை நிரப்பி, மீட்டர் காட்டும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, இடையில் ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்தால் உண்மை தெரியும்.

அடுத்தது, எல்லாரும் தவறவிடும் இடம். ஆன்ரோடு விலை 1,10,000, ஐந்து வருஷம் கழித்து 45,000-க்கு விற்கிறாய் என்று வை. நஷ்டம் 65,000. எக்ஸ் ஷோரூம் விலையிலிருந்து கழித்துப் பார்த்து ஏமாறாதே. சாலை வரி, பதிவுக் கட்டணம், முதல் இன்சூரன்ஸ் எல்லாம் நீ கொடுத்த பணம்தான். விற்கும்போது அவை தனியாகத் திரும்பாது.

சர்வீஸ், ஆயில், ஒரு ஜோடி டயர், பேட்டரி, பெல்ட் எல்லாவற்றுக்கும் 25,000 ஒதுக்கு. புது வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்கும் ஆன்ரோடு விலையிலேயே அடங்கிவிடும். வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பாலிசி முதல் வருஷத்துக்கு மட்டும் போட்டிருந்தால், மீதி நான்கு வருஷத்துக்கு 5,000 வை.

கூட்டினால் 1,75,000. மாதம் ஏறக்குறைய 2,900, கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்றே குறைவு.

தவணையில் வாங்கினால் தவணை முழுவதையும் இதில் கூட்டாதே. வண்டி விலையை ஏற்கெனவே எழுதிவிட்டோம், வட்டியை மட்டும் சேர். 80,000 கடனுக்கு மாதம் 2,800 வீதம் 36 தவணை கட்டினால் மொத்தம் 1,00,800. வட்டி 20,800. அப்போது மாதச் செலவு 3,260-ஐத் தொடும்.

கடன் முடிந்ததும் கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும், அவர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவை உடனே நீக்கிவிடு. அது அப்படியே இருந்தால், விற்கும் நாளில் வாங்க வந்தவர் அதைக் காட்டியே விலையை இறக்குவார், இல்லையென்றால் வேண்டாமென்று போய்விடுவார்.