சுற்றி வந்தபின் மிஞ்சும் கோணம்

நேராக நின்று வலது கையைத் தொங்கவிடுங்கள். உள்ளங்கை உடலைப் பார்த்திருக்க, பெருவிரல் முன்னோக்கி நீண்டிருக்கட்டும். இனி, மணிக்கட்டையோ முழங்கையையோ முறுக்காமல் மூன்று அசைவுகளைச் செய்ய வேண்டும். முதலில் கையை முன்புறமாகத் தோள் மட்டத்துக்கு உயர்த்துங்கள். பெருவிரல் மேலே பார்க்கும். அடுத்து, அதே மட்டத்தில் கையை வலப்பக்கம் கொண்டு செல்லுங்கள். பெருவிரல் இன்னும் மேலேயே பார்க்கும். கடைசியாகக் கையைப் பக்கவாட்டில் கீழே இறக்குங்கள். கை தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் பெருவிரல் முன்னோக்கி இல்லை, வலப்பக்கம் பார்க்கிறது. எங்கும் முறுக்காமலே 90° திரும்பிவிட்டது.

இந்த 90° எங்கிருந்து வந்தது? தோளை மையமாகக் கொண்ட ஒரு கோளத்தின் மேல் உங்கள் கை ஒரு முக்கோணத்தை வரைந்தது. அதன் மூன்று கோணங்களும் செங்கோணங்கள். அந்த முக்கோணம் கோளப் பரப்பில் எட்டில் ஒரு பங்கை மூடுகிறது. மையத்திலிருந்து பார்க்கும்போது ஒரு பரப்பு எவ்வளவு அகன்று தெரிகிறது என்பதைத் திண்மக்கோணம் அளக்கிறது. முழுக் கோளத்தின் திண்மக்கோணம் 4π. அதில் எட்டில் ஒரு பங்கு π/2. ஆரையனில் எடுத்தால் அதுவே 90°. பெருவிரல் திரும்பிய அளவும், கை சுற்றி வந்த பரப்பின் திண்மக்கோணமும் ஒன்றே.

இனிப் பெருவிரலின் இடத்தில் ஒரு நியூத்திரனை வைத்துப் பார்ப்போம். நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. ஆனால் ஸ்பின் எனப்படும் உள்ளார்ந்த சுழற்சியும், அதனோடு சேர்ந்த ஒரு சிறு காந்தத் தன்மையும் உண்டு. காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக அதன் ஸ்பின் இருந்தால், அது புலத்தின் திசையை அச்சாகக் கொண்டு கடிகார முள்ளைப் போலச் சுற்றும். புலம் 1 மில்லிதெஸ்லா எனில், செக்கனுக்கு ஏறக்குறைய 29,160 சுற்றுகள். இலங்கையில் நம்மைச் சூழ்ந்துள்ள புவிக் காந்தப்புலம் இதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

இப்போது புலத்தின் வலிமையை மாற்றாமல், அதன் திசையை மட்டும் மெதுவாகத் திருப்புவோம். திசை ஒரு கூம்பின் பக்கத்தைச் சுற்றி வந்து மீண்டும் தொடங்கிய நிலையை அடைகிறது. புலம் மெதுவாக நகர்வதால் ஸ்பின்னின் சுழற்சி அச்சும் அதைத் தொடர்ந்து செல்கிறது. சுற்று முடிந்ததும் நியூத்திரன் எத்தனை முறை சுற்றியிருக்கும்? நேரத்தையும் வீதத்தையும் பெருக்கினால் விடை வரும் என்றே பலரும் சொல்வர். 1984ஆம் ஆண்டில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெரி, இந்தப் பெருக்கத்தோடு இன்னொரு பகுதியும் சேரும் எனப் பொதுவாக நிறுவினார். அது நேரத்தையோ புலத்தின் வலிமையையோ சார்ந்ததல்ல. திசை வரைந்த பாதையின் திண்மக்கோணத்தை மட்டுமே சார்ந்தது. இதுவே கேத்திரகணித அவத்தை.

அவத்தை என்பது அலையொன்று தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் கோணம். நியூத்திரனின் நிலையைப் புலத்தின் திசையிலான பகுதி, அதற்கு எதிரான பகுதி என இரண்டாகப் பிரிக்கலாம். திண்மக்கோணம் Ω எனில், ஒரு பகுதியின் அவத்தை Ω/2 குறையும்; மற்றதில் Ω/2 கூடும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு Ω. அந்த வேறுபாடே ஸ்பின் திரும்பும் மேலதிகக் கோணமாக நமக்குத் தெரிகிறது.

ஓர் உதாரணத்தைக் கணித்துப் பார்ப்போம். கூம்பின் அச்சுக்கும் பக்கத்துக்கும் இடையிலான கோணம் θ ஆனால்,

Ω = 2π(1 − cos θ)

cos θ = 0.75 என எடுப்போம். Θ ஏறக்குறைய 41.4°. அப்போது Ω = π/2, அதாவது 90°. கை வரைந்தது முக்கோணம், இது வட்டம். ஆனாலும் பரப்பு ஒன்றானதால் கோணமும் ஒன்றுதான். புலம் 1 மில்லிதெஸ்லா, ஒரு சுற்றுக்கு எடுத்த நேரம் 10 மில்லிசெக்கன் என வைப்போம். நேரத்தால் வரும் பகுதி 291.6 சுற்றுகள். ஒரு பக்கமாகச் சுற்றினால் கால் சுற்றுக் கூடி 291.85, எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கால் சுற்றுக் குறைந்து 291.35. நேரத்தை 20 மில்லிசெக்கனாக்கினால் முதற்பகுதி 583.2 ஆக இரட்டிக்கும். கால் சுற்றோ கால் சுற்றாகவே இருக்கும்.

இவ்வளவு பெரிய எண்ணுக்குள் ஒளிந்துள்ள கால் சுற்றை எப்படிப் பிரித்தறிவது? புலத்தின் வலிமையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வழு இருந்தாலே 0.29 சுற்று மாறிவிடும். நாம் தேடும் அளவை அது விழுங்கிவிடும். ஆகவே ஒரே புலத்தில், ஒரே நேரத்தில் முடியும்படி இரு பக்கமும் சுற்றி, வேறுபாட்டை எடுக்க வேண்டும். நேரத்தால் வரும் பகுதி இரண்டிலும் சமம் என்பதால் கழிபட்டுப் போகும். எஞ்சுவது 2Ω, அதாவது 180°. ஓர் எச்சரிக்கையும் உண்டு. θ = 60° எனத் தெரிவுசெய்தால் வேறுபாடு சரியாக 360° ஆகிவிடும். முழுச் சுற்றுச் சுற்றிய முள்ளும் அசையாத முள்ளும் ஒன்றுபோலத் தெரிவதால், விளைவு இருந்தும் அளவீட்டில் தென்படாது.

‘மெதுவாக’ என்ற சொல்லும் முக்கியமானது. புலம் ஒருமுறை சுற்றி வரும்போது ஸ்பின் பல முறை சுற்றியிருக்க வேண்டும். மேற்படி உதாரணத்தில் 291 முறைக்கு மேல் சுற்றுவதால், வாய்ப்பாட்டிலிருந்து விலகல் ஒரு பாகையின் மூன்றிலொரு பங்கிலும் குறைவு. அதே சுற்றை 0.1 மில்லிசெக்கனில் முடித்தால் ஸ்பின் மூன்று சுற்றுகூடப் போகாது. விலகல் 30°ஐத் தாண்டிவிடும். புலம் பாதையில் எங்கும் பூச்சியமாகவும் கூடாது. பூச்சியத்தில் பின்தொடர ஒரு திசையே இல்லை.

1987இல் பிட்டர், டபர்ஸ் ஆகிய இருவரும் இதை நியூத்திரன்களைக் கொண்டே சோதித்தனர். அவர்கள் காந்தத்தைச் சுழற்றவில்லை. திருகு வடிவில் கம்பி சுற்றிய ஒரு சுருளினூடாக நியூத்திரன்களைச் செலுத்தினர். நியூத்திரன் முன்னே செல்லச் செல்ல, அது உணரும் புலத்தின் திசை ஒருமுறை சுற்றி வந்தது. பயணத் திசையில் இன்னொரு புலத்தைச் சேர்த்து, அதன் வலிமையை மாற்றிக் கூம்பை விரித்தும் குறுக்கியும் பார்த்தனர். ஸ்பின் திரும்பிய மேலதிகக் கோணம் திண்மக்கோணத்தோடு ஒத்து மாறியது.

இந்தக் கோணத்தைக் கவனியாது விட்டால் ஒரு பெரிய பரிசோதனையே பொய்யான விடையைத் தந்துவிடும். நியூத்திரனுக்குள் நேர், மறை ஏற்றங்களின் மையங்கள் சற்றேனும் விலகியுள்ளனவா என விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாகத் தேடி வருகின்றனர். காந்தப்புலத்தோடு மின்புலத்தையும் கொடுத்து, பின் மின்புலத்தை எதிர்த்திசைக்கு மாற்றி, ஸ்பின் சுற்றும் வீதம் மாறுகிறதா எனப் பார்ப்பதே வழி. ஆனால் பாத்திரத்துக்குள் ஓடித் திரியும் துணிக்கை, மின்புலத்தில் அசைவதால் ஒரு சிறு மேலதிகக் காந்தப்புலத்தையும் உணர்கிறது. பிரதான புலத்தின் சீரின்மையோடு அது சேரும்போது, துணிக்கை உணரும் புலத்தின் திசை சிறு வட்டங்களை வரைகிறது. அதனால் வரும் கேத்திரகணித அவத்தை, மின்புலத்தைத் திருப்பும்போது தானும் குறி மாறுகிறது. தேடும் விளைவும் அப்படியே குறி மாற வேண்டியது என்பதால், ஒன்றை மற்றதாக எண்ணி ஏமாற இடமுண்டு. 2004இல் பெண்டில்பரியும் சக ஆய்வாளர்களும் இந்தப் பொய்ச் சைகையை விரிவாகக் கணித்துக் காட்டினர். அதன்பின் நடந்த இத்தகைய அளவீடுகளில், புலத்தின் சீரின்மையை அளந்து இந்தப் பங்கைக் கழித்த பின்னரே விடை கூறப்படுகிறது.

கையை மறுபடி தொங்கவிட்டு, அதே மூன்று அசைவுகளையும் எதிர் ஒழுங்கில் செய்து பாருங்கள்: முதலில் பக்கவாட்டில் உயர்த்தி, பின் முன்னே கொண்டுவந்து, கடைசியில் இறக்குங்கள். பெருவிரல் இம்முறை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே 291.35 என்ற எண்ணுக்கான விளக்கம்.