குடல் ஒரு சல்லடையா?



நமது அறக்கட்டளையின் ஞாயிறு வகுப்பில் இம்முறை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செரிமான மண்டலத்தைச் செய்து காட்டினோம். ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு குழாய், ஒரு நைலான் காலுறை ஆகியவையே முக்கியமான பொருள்கள். வீட்டிலும் செய்யலாம் என்பதால் முழுமையாக எழுதுகிறோம். உணவைப் பாடத்துக்காகப் பாழாக்கலாமா என்று ஒரு தாய் கேட்டார், நியாயமான கேள்வி. பானையில் மிஞ்சி, உண்ண முடியாமல் போன ஒரு பிடி சோற்றைத்தான் எடுத்துக்கொண்டோம்.

குழாய்தான் உணவுக்குழல். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 25 செ.மீ. நீளம் இருக்கும், அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் மெல்லிய டியூப் உதவாது, சோறு அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் முக்கால் அங்குல மிருதுவான குழாய் சரியாக இருக்கும். சோற்றைக் கையால் நன்றாக மசித்து (இது பற்களின் வேலை), சிறிது நீர் சேர்த்துக் குழாய்க்குள் விட்டு, பின்பக்கமிருந்து விரல்களால் அழுத்தி வழித்துக்கொண்டே வாருங்கள். உணவு தானாகக் கீழே விழுவதில்லை, குழலின் தசைகள் இப்படித்தான் தள்ளிக்கொண்டு போகின்றன. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு வயிற்றுக்குப் போவது இதனால்தான்.

பை இரைப்பை. தடிமனான ஜிப் பையாக இருக்கட்டும். உள்ளே அரை டம்ளர் நீரும் இரண்டு தேக்கரண்டி வினிகரும் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, ஐந்து நிமிடம் பிசையுங்கள். வினிகர் இரைப்பையின் அமிலத்துக்குப் பதில். எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

காலுறைதான் சிறுகுடல். ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் மெல்லிய நைலான் நீளக் காலுறையாக வாங்குங்கள். பள்ளிக்குப் போடும் சாக்ஸ் தடிமன், அதில் ஒன்றும் இறங்காது. பையின் ஒரு மூலையை வெட்டிக் கூழைக் காலுறைக்குள் விட்டு, கீழே ஒரு தட்டு வைத்து, மேலிருந்து கீழாக வழித்துப் பிழிய வேண்டும். வெண்மையான நீர் தட்டில் இறங்கும், சக்கை உள்ளே தங்கும். தட்டில் இருப்பது இரத்தத்தில் சேரும் சத்து, சக்கை பெருங்குடலுக்குப் போவது என்று வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். சக்கையை ஒரு துண்டில் சுற்றி அழுத்தினால் மிச்ச நீரும் போய்விடும். பெருங்குடலின் முக்கிய வேலை அது.

பெரும்பாலான வகுப்புகள் இத்துடன் முடிந்துவிடும். நாம் இங்கே நிறுத்தவில்லை. மருந்துக்கடையில் புண்ணுக்கு வாங்கும் போவிடோன் அயோடினை, வெளிறிய டீ நிறம் வரும்வரை நீர் கலந்து, தட்டில் இறங்கிய வெண்ணீரில் இரண்டு சொட்டு விட்டோம். கருநீலமாக மாறியது. மாவுப்பொருள் இருந்தால்தான் இந்த நிறம் வரும். அதாவது காலுறையைத் தாண்டி வந்ததும் சோறுதான், தூளாகிப் போன சோறு. "அப்போ ரத்தத்துல சோறா ஓடுது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்றைய பாடமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காலுறை ஒரு சல்லடை. அதன் ஓட்டையை விடச் சிறியது எதுவாயினும் விடும். குடல் சல்லடை அல்ல. எவ்வளவு நைசாக அரைத்தாலும் மாவை அது உள்ளே விடாது. மாவு முதலில் சர்க்கரையாக வெட்டப்பட வேண்டும். அந்த வெட்டும் வேலையை நொதிகள் செய்கின்றன. இதைக் காண மூன்று சிறு டம்ளர்கள் போதும். ஒரு கரண்டி சோற்றுக் கஞ்சியை ஐந்து கரண்டி நீரில் கரைத்து, மூன்றிலும் சமமாக ஊற்றுங்கள். முதலாவது அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் ஒரு கரண்டி உமிழ்நீர். மூன்றாவதில் முதலில் ஒரு கரண்டி வினிகர், பிறகு உமிழ்நீர். மூன்றையும் கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைத் தட்டில் அயோடினோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது டம்ளரின் சொட்டில் நீலம் மங்கிப் பழுப்பாகி, கடைசியில் அயோடினின் நிறமே நிற்கும், மாவு வெட்டப்பட்டுவிட்டது. மற்ற இரண்டும் நீலமாகவே இருக்கும். கஞ்சி கெட்டியாக இருந்தால் நேரம் கூடும். வெந்நீர் கொதித்தால் நொதியே கெட்டுவிடும்.

மூன்றாவது டம்ளரைக் கவனியுங்கள். அமிலத்தில் உமிழ்நீரின் நொதி நின்றுவிடுகிறது. இரைப்பையிலும் இதுவே நடக்கிறது. மாவின் மீதி வேலை, அமிலம் தணிந்த சிறுகுடலில் கணையநீரால் நடக்கிறது. எலுமிச்சை வேண்டாம் என்றது ஏனென்றால், அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும். மாவு இருந்தும் இல்லாதது போலத் தோன்றும். அயோடின் பட்ட எதையும் கோழிக்குப் போடாதீர்கள். உமிழ்நீர் விட்ட டம்ளரை அவரவரே கழுவட்டும்.

காலுறை காட்டத் தவறும் இன்னொன்று நீளம். பெரியவரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர். நம் பகுதித் தறியில் இறங்கும் ஒரு பட்டுப்புடவையை விரித்துக் காட்டினோம், ஏறக்குறைய அவ்வளவு. உட்புறம் வழவழப்பாகவும் இல்லை, தேங்காய்ப்பூத் துண்டைப் போல நுண்ணிய விரல்கள் நிறைந்தது. அவற்றை மூடியிருக்கும் செல்களில்தான் சத்துகளுக்கான வாயில்கள் இருக்கின்றன.

அந்த வாயில்களில் ஒன்றைத் தாய்மார்கள் அவசியம் அறிய வேண்டும். குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்து ஒன்றாக நுழையும் வாயில் அது. அவை நுழைந்தால் நீரும் பின்னாலேயே போகும். காலரா வந்து குடல் நீரைக் கொட்டும்போதும் இந்த வாயில் வேலை செய்கிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரும் அளவில் கரைத்து, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அது நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே.

குடல் சல்லடையாக இருந்தால் வெறும் தண்ணீரே போதுமாயிருக்கும். அப்படி இல்லாததால் அளவு முக்கியம். 1 லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும்; 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் உண்டு, மேலே அச்சிட்டதைப் படியுங்கள். பாதிப் பொட்டலம் போடுவதும், பிள்ளை குடிக்கட்டும் என்று சர்க்கரை சேர்ப்பதும் கூடாது. சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும், குளிர்பானமும் அப்படியே. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, குடிக்கவே முடியாமல் துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.